சொந்த வீட்டுக்கு வாடகை

அப்பாதுரை பூவம்மாளுக்கு இரண்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். முதலில் இதை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அந்த நாளில் பிள்ளையார்பாளையத்துத் தெருவில் அவர் நடந்த நடையையும், அவரைக் கண்டதும் அவள் எழுந்து நின்ற விதத்தையும் பார்த்தவர்கள், அவள்தான் அவருக்குக் கடன்பட்டவள் என்று கற்பூரம் அடித்துச் சொல்லியிருப்பார்கள்.

அவர் வீட்டுக்காரர், அவள் அந்த வீட்டிலேயே பாத்திர வாடகைக் கடை வைத்துக் குடியிருப்பவள். ஆனால் அது போகியத்துக்கு விட்ட வீடு. போகியம் என்பது சாமானியமான ஏற்பாடு இல்லை. மாதம் பிறந்தால் வாடகை கிடையாது, கொடுத்த பணத்துக்கு வட்டியும் கிடையாது. அறுபத்தேழாம் வருஷம் அப்பாதுரை வீட்டைக் கொடுத்தார், இரண்டாயிரம் ரூபாய் வாங்கினார். பூவம்மாள் பணத்தைக் கொடுத்தாள், வீட்டை வாங்கினாள். கெடு மூன்று வருஷம். கெடு முடிந்தால் அவர் பணத்தைத் திருப்ப வேண்டும், அவள் வீட்டைத் திருப்ப வேண்டும். பணம் வராதவரை வீடு அவள் கையில். வீட்டைப் பார்த்தால் அவர் கொடுத்தவர். பணத்தைப் பார்த்தால் அவள் கொடுத்தவள். இந்தக் கணக்கைப் பெரிய படிப்புப் படித்தவர்களிடம் கேட்டால் தலையைச் சொறிவார்கள். கூரத்தில் மாடு மேய்த்த பூவம்மாளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

காரணம், அவள் பிறந்ததே கொடுத்தவன் வாங்கியவன் தகராறில். அப்பன் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் பயிர் வைத்தவன். ஒரு வருஷம் ஏரி வறண்டது, குத்தகை நெல் அளக்க முடியவில்லை. குத்தகைக்கு விட்டவர் அடுத்த வருஷம் ஏரை இறக்க விடவில்லை. வீட்டிலிருந்த செம்புத் தவலை ஒன்றுதான் மிச்சம். அதைத் தூக்கிக்கொண்டு பூவம்மாள் காஞ்சிபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். கட்டியவன் பெங்களூர் மில்லுக்குப் போனான். இரண்டு வருஷம் மணியார்டர் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை, அவனும் வரவில்லை.

அந்தத் தவலையைத்தான் ஒரு சமயம் எதிர்வீட்டுத் தேவகி இரவல் கேட்டாள். வளைகாப்பு, ஒரே ஒரு நாள் என்றாள். பூவம்மாள் கொடுத்தாள். நாலு மாதம் ஆயிற்று. திருப்பிக் கேட்கப் போனபோது, தேவகி வாசலிலேயே நின்றுகொண்டு, "இன்னாடி, ஒரு தவலைக்காகவா இப்டி வந்து நிக்கறே?" என்றாள். தவலை வந்தது. அடியில் ஒடுக்கு விழுந்து வந்தது. சிநேகிதம் வரவில்லை.

அன்றைக்கு முடிவு செய்தாள் பூவம்மாள். இரவல் கொடுத்த பொருளைக் கேட்டு வாங்கினால் கேட்டவளுக்குத்தான் கெட்ட பெயர். வாடகைக்கு விட்ட பொருளைக் கேட்டு வாங்கினால் அது வியாபாரம். அந்த ஒடுக்கு விழுந்த தவலையையே நாலணா வாடகைக்கு விட்டாள். வந்த காசில் இரண்டாவது தவலை. ஒரு நெல் வியாபாரியிடம் முந்நூறு ரூபாய் வட்டிக்கு வாங்கி அண்டாக்கள் எடுத்தாள். அதை அடைத்து முடித்துவிட்டு ஜமக்காளம், தாம்பாளம், பெட்ரோமாக்ஸ் விளக்கு. ஒவ்வொரு பாத்திரத்தின் விளிம்பிலும் 'கூ.பூ.' என்று உளியால் வெட்டி வைத்தாள். கூரம் பூவம்மாள். ஒரு ஆணின் கை உதவியும் இல்லாமல் பத்து வருஷத்தில் பிள்ளையார்பாளையத்துக் கல்யாணங்களில் பாதி அவள் அண்டாவில்தான் வெந்தது. சொந்தத் தம்பி கல்யாணத்துக்கும் அவள் இரவல் கொடுக்கவில்லை. நாலணா வாடகை வாங்கிக்கொண்டு நூறு ரூபாய் மொய் எழுதினாள். ஊரே சிரித்தது. சிரிக்கட்டும்.

எழுபத்தொன்றாம் வருஷம் சித்திரை கடைசியில் அப்பாதுரை அவள் வாசலுக்கு வந்தார். கையில் வெற்றிலைத் தட்டு.

"நல்லா இருக்கிறியாம்மா?" என்றார்.

நாலு வருஷத்தில் அவர் அவளை அப்படி விசாரித்ததே இல்லை. பட்டு வியாபாரத்தில் கை சுட்டுக்கொண்டவர். கெடு முடிந்து ஒரு வருஷம் ஆகியும் பணத்தைப் பற்றி வாய் திறக்காதவர்.

"இருக்கறேங்க. உக்காருங்க."

"எம் பொண்ணு விஜயாவுக்கு வைகாசியில கல்யாணம் வெச்சிருக்குது. சம்பந்தி வீட்டுக்காரங்க பொண்ணு வீட்லயே நடத்தணுங்கறாங்க. நான் இருக்கறது அண்ணன் வீட்டு ஒரு ரூமு. அங்க பந்தல் போட முடியுமா? நம்ம வூட்டை ஒரு மூணு நாளு இரவலாக் குடும்மா. கல்யாணம் முடிஞ்சதும் சாவி உன் கையில. பாத்திரமும் இங்கயே இருக்குது, அதுவும் அப்டியே இருக்கட்டும்."

நம்ம வீடு என்றார். பூவம்மாள் அதைக் கவனித்தாள்.

"யோசிச்சு சொல்றேங்க" என்றாள்.

"இதுல யோசிக்கறதுக்கு இன்னாம்மா இருக்குது? நல்ல காரியம்" என்று சிரித்துக்கொண்டே எழுந்தார். போகிற போக்கில் நடையின் சுவரை உள்ளங்கையால் ஒரு தடவு தடவினார். மாட்டை விற்கப் போகிறவன் அப்படித்தான் தடவுவான்.

மறுநாள் அவள் செவிலிமேட்டுக்குப் போனாள். அங்கே குமாரசாமி என்று ஒரு டெய்லர், புளியமரத்தடியில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தான். அப்பாதுரையின் இன்னொரு இடத்தில், சின்னக் கடை ஒன்றில், எண்ணூறு ரூபாய் கொடுத்துப் போகியத்துக்கு இருந்தவன் அவன். இப்போது கடை இல்லை. மிஷினும் தினவாடகைக்கு எடுத்தது.

"ஓடு மாத்தணும், ஒரு வாரம் இடத்தைக் குடுப்பான்னு கேட்டாருக்கா" என்றான் குமாரசாமி. மிதித்த காலை நிறுத்தவில்லை. "குடுத்தேன். ஓடு மாத்தினாரு. கூடவே பூட்டையும் மாத்திட்டாரு."

"பணம்?"

"அப்பவே குடுத்துட்டேனேங்கறாரு. பத்திரம் இருக்குதேன்னு வக்கீல்கிட்ட போனேன். ரிஜிஸ்டர் பண்ணாத பத்திரம், இத்த வெச்சு ஒண்ணும் கிழிக்க முடியாதுன்ட்டாரு. கடனைக் கேட்டு வேற கேஸ் போடலாம், வருஷக்கணக்குல நடக்கணும்னாரு. நான் துணி தைக்கறதா, கோர்ட்டுக்கு நடக்கறதா?" நூலைப் பல்லால் கடித்தான். "உன்னுது ரிஜிஸ்டர் ஆச்சாக்கா?"

அவளுடையதும் ஆகவில்லை. பதிவுச் செலவு மிச்சம் என்று அன்றைக்கு அப்பாதுரைதான் சொன்னார். அவளும் தலையாட்டினாள். தெரு முழுக்க அப்படித்தான் எழுதிக்கொண்டார்கள்.

"அக்கா, ஒண்ணு மட்டும் சொல்றேன்" என்றான் குமாரசாமி. "இடத்துல நாம உக்காந்துக்கினு இருக்கறவரைக்கும்தான் நாம குடுத்தது பணம். எழுந்துட்டா அது காத்து."

திரும்பி வந்தபோது, அவளுக்குக் கைவண்டி இழுக்கும் கலியன் வாசலில் காத்திருந்தான். முகம் சரியில்லை.

"அக்கா, யாரோ ரெண்டு பேரு வந்து முன்சுவரு, கொல்லைச் சுவரு எல்லாத்தையும் டேப்பு வெச்சு அளந்துக்கினு போனாங்க. கேட்டா பந்தலுக்குங்கறாங்க. பந்தலுக்கு எதுக்குக்கா கொல்லைச் சுவரை அளக்கணும்?"

அவள் உள்ளே போய் அடுக்கியிருந்த அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்தாள். மூடிய அண்டாவைத் தட்டினால் ஒரு சத்தம் வரும். அடிவயிற்றிலிருந்து வருவது போல. சும்மா தட்டிக்கொண்டே இருந்தாள்.

மறுத்துவிடலாம். ஆனால் கல்யாணத்துக்கு வீடு கேட்டு இல்லை என்றவள் கடைக்கு எந்தக் கல்யாண வீட்டுக்காரன் படியேறுவான்? அவள் பிழைப்பே கல்யாணம். கொடுத்தால் வீடு போகும், கொடுக்காவிட்டால் கடை போகும். அப்பாதுரை அதைத் தெரிந்துகொண்டுதான் வெற்றிலைத் தட்டோடு வந்திருந்தார்.

பந்தக்கால் நடுகிற அன்று காலை, தெருவே கூடியிருந்தபோது, பூவம்மாள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வாசலில் நின்றாள்.

"ஐயா, நான் எதையும் இரவல் குடுக்கறதில்ல. தம்பி கல்யாணத்துக்கே குடுக்கல. இந்தத் தெருவுக்கே தெரியும். பாத்திரத்துக்கு நாளுக்கு அஞ்சு ரூபா. வீட்டுக்கு நாளுக்கு அஞ்சு ரூபா. வாடகைக்கு விடறேன், எடுத்துக்குங்க. அச்சாரம் பத்து ரூபா குடுத்தா சாவி."

அப்பாதுரையின் மைத்துனன் பல்லைக் கடித்தான். "இன்னா திமிரு பாத்தீங்களா? வீட்டுக்காரருக்கே வாடகையாம்."

அப்பாதுரை அவனைக் கையமர்த்தினார். அவருக்குச் சாவிதான் வேண்டும். பத்து ரூபாய் ஒரு பொருட்டா? கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். அவர் நல்ல பேச்சுக்காரர், அதுதான் அவருக்கு வினை.

"எல்லாரும் கேட்டுக்குங்கப்பா. பூவம்மா எனக்கு என் வூட்டையே வாடகைக்கு விட்டுட்டா. நான் இன்னையிலேர்ந்து அவளுக்குக் குடித்தனக்காரன். வூட்டுக்காரம்மா, நைட்ல ஆணி கீணி அடிக்கலாங்களா?"

தெரு குலுங்கிச் சிரித்தது. அவர் பத்து ரூபாய் நோட்டை எடுத்தார். அவள் கை நீட்டியிருந்தாள். கையில் வைக்காமல் பக்கத்திலிருந்த அண்டா மூடியின் மேல் போட்டார். அவள் குனிந்து எடுத்துக்கொண்டாள். சாவியைக் கொடுத்தாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. விஜயா நல்ல பெண், பூவம்மாள் காலிலும் விழுந்து எழுந்தாள். 'வூட்டுக்காரம்மா' என்ற கேலி மூன்று நாளும் பந்தியில் சாம்பாரோடு சேர்ந்து ஓடியது. நாலாம் நாள் பொண்ணும் மாப்பிள்ளையும் போனார்கள். ஐந்தாம் நாள் காலை கலியன் வண்டியோடு போய், வெறும் வண்டியோடு திரும்பினான்.

"பூட்டிக் கெடக்குதுக்கா. நம்ம பூட்டு இல்ல. புதுசு, பித்தளை. பாத்திரமெல்லாம் உள்ளதான்."

சாவியைக் கொடுத்த நாளிலிருந்து கலியன் வீட்டில் தங்கியிருந்த பூவம்மாள் நடையில் உட்கார்ந்திருந்தாள். இதைத்தான் எதிர்பார்த்தாள். அடுத்த முகூர்த்தத்துக்கு மூன்று வீட்டில் அச்சாரம் வாங்கியிருந்தாள். வீடு இல்லை, பாத்திரம் இல்லை. பெட்டியில் ரிஜிஸ்டர் ஆகாத பத்திரம் ஒன்று.

"ஆள் சேத்துக்கினு போய் ஒடைச்சிடலாமா?" என்றான் கலியன்.

"ஒடைச்சா நாமதான் திருடங்க. நீ தினம் காலையில போ. அவரு டீ குடிக்கிற கடையாண்ட நில்லு. வாடகை கேளு."

"வாடகையா? பூட்டிக்கினு போனவங்கிட்டயா?"

"வாடகைக்கு விட்டேன். கெடு தாண்டி வெச்சிருக்கறாரு. அப்ப ஓடுது இல்ல வாடகை? கேளு. சண்டை போடாதே. மரியாதையாக் கேளு, ஆனா எல்லாருக்கும் கேக்கற மாதிரி கேளு."

கலியனுக்கு இந்த மாதிரி வேலை பிடிக்கும். தினம் காலை டீக்கடை வாசலில் நின்று, "ஐயா, வூட்டுக்காரம்மா அனுப்பினாங்க, நேத்து வாடகை பத்து ரூபா" என்பான். முதல் நாள் அப்பாதுரை சிரித்தார். இரண்டாம் நாள் காது கேட்காதது போல இருந்தார். மூன்றாம் நாள் டீக்கடையை மாற்றினார். கலியனும் மாற்றினான். தறிக்குப் பாவு தோய்க்கிற பையன்கள்கூட அவர் சைக்கிளைக் கண்டால், "குடித்தனக்காரர் போறாரு" என்றார்கள்.

ஆனால் பூவம்மாளுக்குத் தூக்கம் இல்லை. கேலி வயிற்றை நிரப்பாது. அச்சாரம் கொடுத்த மூன்று வீட்டுக்காரர்களுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அதில் ஒருத்தி, "இனிமே வேற எடத்துல பாத்துக்கறோம்" என்றாள். அந்தச் சொல் குத்திய இடம் ஆறவில்லை. ஒரு நாள் சாயங்காலம் அப்பாதுரையே சைக்கிளை நிறுத்தி, தாழ்ந்த குரலில் சொன்னார்: "குமாரசாமியைப் போய்ப் பாத்தியாமே. அவன் கதி தெரிஞ்சும் வாலாட்டறே. வெள்ளிக்கிழமை தாண்டட்டும், கலியன் வண்டி இந்தத் தெருவுலயே ஓடாது."

வெள்ளிக்கிழமை என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததுதான் அதிகமாகப் பயமுறுத்தியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தெருமுனையில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. இறங்கியவர் ஜீவகுமார் நயினார், சமணர். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் நிலபுலம், நெல் வியாபாரம். டவுனில் ஒரு வீடு வாங்கிப்போட வந்திருந்தார். அப்பாதுரை முன்னால் ஓடிப் பித்தளைப் பூட்டைத் திறந்தார். பூவம்மாள் எதிர்ச்சாரியில், தேவகி வீட்டு நிழலில், நின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் புரிந்தது. வீடு விலைக்குப் போகிறது, காலி வீடாக.

நயினார் உள்ளே சுற்றிவிட்டு வெளியே வந்தார். "வில்லங்கம் பாத்தாச்சு, சுத்தமா இருக்குது. உள்ள இன்னா இத்தனை அண்டா? எல்லாத்துலயும் கூ.பூ.ன்னு வெட்டியிருக்குதே."

"வாடகைப் பாத்திரங்க. கல்யாணத்துக்கு எடுத்தது. இன்னும் திருப்பி அனுப்பல."

"இதுக்கு முன்ன யாரு இருந்தாங்க?"

"ஒரு பொம்பளை, போகியத்துக்கு இருந்தாங்க. பணத்தைக் குடுத்து வீட்டை மீட்டாச்சு. காலி பண்ணிட்டாங்க."

நயினார் தலையாட்டினார். பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பிச் சாப்பிட வேண்டியவர், விளக்கு வைத்தபின் வாயில் எதுவும் வைக்காதவர். அதனால் பேச்சை வளர்க்கவில்லை. ஆனால் நெல் வாங்கும்போது மூட்டையின் அடியில் கைவிட்டுப் பார்க்கிறவர். நேராக முனை டீக்கடைக்குப் போய்த் தண்ணீர் கேட்டார். அதைத் தன் துணியில் வடிகட்டிக் குடித்துவிட்டு, "அந்த வீட்ல யாருப்பா இருக்கறது?" என்றார்.

டீக்கடைக்காரன் யோசிக்கவே இல்லை. "அதுவா? பூவம்மா வூடு. இப்ப அப்பாதுரை வாடகைக்கு இருக்காரு. பத்து நாளா வாடகை பாக்கி." கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

நயினார் சிரிக்கவில்லை. திரும்பி வந்தார். பின்னாலேயே நாலு பேர் வந்தார்கள். எதிர்ச்சாரியில் நின்றவளைப் பார்த்து, "நீதான் பூவம்மாவா?" என்று கேட்டார். அவள் முன்னால் வந்தாள்.

"பணம் வரலீங்க" என்று மட்டும் சொன்னாள்.

"பொய் சொல்றா" என்றார் அப்பாதுரை. "சித்திரையிலயே குடுத்து மீட்டுட்டேன்."

"அப்ப வாடகை?" என்றார் நயினார்.

"அது சும்மா தமாஷுக்குங்க. வைகாசியில பந்தக்கால் நட்டப்போ, இந்தத் தெருவே—" அங்கே நிறுத்தினார். நிறுத்தினால் பிரயோஜனம் இல்லை, தெரு அங்கேயே நின்றுகொண்டிருந்தது. "பத்து ரூபா போனாப் போவுதுன்னு குடுத்தேன். நெஜத்துல இரவலாத்தான் வாங்கினது."

நயினார் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரல் உயரவே இல்லை.

"சித்திரையில பணத்தைக் குடுத்து வீட்டை மீட்டவரு, வைகாசியில அதே வீட்டை அந்த அம்மாகிட்டயே எதுக்கு வாடகைக்கு எடுக்கணும்? வாடகை வேணாம், இரவல்னே வெச்சுக்குவோம். இரவல் வாங்கறவன் அடுத்தவங்க கையில இருக்கறதைத்தான் வாங்குவான். எப்டிப் பாத்தாலும் வாங்கினது நீங்க, விட்டது அவங்க. நான் வீடு வாங்க வந்தேன் அப்பாதுரை, வழக்கு வாங்க வரல."

வண்டியை நோக்கித் திரும்பினார். அப்பாதுரை இரண்டு எட்டில் போய் அவர் முன்னால் நின்றார். கல்யாணக் கடன் கழுத்துவரை ஏறியிருந்தது. இந்தக் கிரயம் போனால் வேறு கிரயம் இல்லை. அந்த நாளுக்குப்பின் அந்தத் தெருவில் எவனும் அந்த வீட்டை விலை கேட்கமாட்டான் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"அவ ரெண்டாயிரத்தைக் குடுத்து அனுப்பிடலாம், விலையில கழிச்சுக்குங்க" என்றார். குரலே மாறிப்போயிருந்தது.

நயினார் இடுப்புப் பையை அவிழ்த்தார். "அட்வான்ஸ்னு கொண்டாந்தது இருக்குது. இத்த உங்க கையில தரேன். நான் அந்த அம்மாகிட்ட எதுவும் வாங்கல, நான் குடுக்கக் கூடாது. வாங்கினவர் நீங்க. நீங்களே எண்ணிக் குடுங்க."

"மொதல்ல சாவி" என்றாள் பூவம்மாள். "பணம் முழுசா வர்றவரைக்கும் வீடு என் கையில இருக்கணும்."

பித்தளைச் சாவி வந்தது. அவள் அதை இடது கையில் இறுக்கிக்கொண்டாள். கலியன் அண்டாக்களை உருட்டி வெளியே கொண்டுவந்தான். ஒவ்வொன்றாக வண்டியில் ஏறின. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

பிறகு அவள் வலது கையை விரித்தாள். அப்பாதுரை நோட்டுகளை எண்ணி வைக்கத் தொடங்கினார். ஒவ்வொரு நூறுக்கும் குனிந்தார். குனியும்போது அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"எங்க கடை போடுவே? இந்தப் பக்கத்துல எனக்குத் தெரியாத வூட்டுக்காரன் இல்ல. எவன் உனக்கு வூடு விடறான்னு பாக்கறேன்."

அது வெறும் மிரட்டல் இல்லை. அவளுக்குத் தெரியும். நாளைக்கு இந்த இரண்டாயிரத்தைத் தூக்கிக்கொண்டு எத்தனை வாசல் ஏறி இறங்க வேண்டுமோ. விரித்த கை அசையவில்லை.

இரண்டாயிரம் முடிந்தது. அவர் நிமிர்ந்தார். அவள் நோட்டுகளை மடியில் செருகிக்கொண்டு, அதே கையை மறுபடியும் விரித்தாள்.

"பதினோரு நாள் வாடகை. அச்சாரம் பத்து போக நூறு. குடுத்தா சாவி."

அப்பாதுரை நயினாரைப் பார்த்தார். நயினார் சாய்கிற வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாதுரை தன் சட்டைப் பையில் கைவிட்டார். கசங்கிய பத்து ரூபாய் நோட்டுகள், மொய்ப்பணத்தில் மிஞ்சியவை. இந்த முறை பக்கத்தில் அண்டா மூடி எதுவும் இல்லை. ஒன்று, இரண்டு என்று அவள் உள்ளங்கையில்தான் வைத்தார்.